பழைய மெயிலுக்கே பதில் போடுவதா, புதுத் தலைப்பில் தொடங்குவதா?

எட்டு வெள்ளியில்தான் விஷயம் வெளியே வந்தது. 2024 மார்ச்சில் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் கணக்குப் பிரிவு அக்கா என் மேசைக்கு வந்து, "தம்பி, ஏர்கான்காரர் இன்வாய்ஸில் 872 வெள்ளி போட்டிருக்கிறார், பி.ஓ.வில் 864தான் இருக்கிறது, எது சரி?" என்று கேட்டார். நான் இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டுமே தப்பு.

எங்கள் அலுவலகம் சிங்கப்பூரில் காக்கி புக்கிட்டில் இருக்கிறது. 2023இல் மொத்தம் 20 ஏர்கான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ், ஒரு யூனிட்டுக்கு 40 வெள்ளி, அப்படியே நான்கு தடவைக்கு 3,200, அன்றைய ஜி.எஸ்.டி. 8 சதவீதம் சேர்த்து 3,456 வெள்ளி. அந்த வருஷக் கடைசியில் பக்கத்து அலுவலக இடத்தையும் எடுத்துச் சுவரை உடைத்ததில் நான்கு ஏர்கான் கூடியது. சர்வீஸ்காரரிடம் புது கொட்டேஷன் கேட்டேன், அவரும் ஜனவரியில் அனுப்பினார்: 24 யூனிட், ஒன்றுக்கு 42 வெள்ளி, வருஷத்துக்கு 4,032, அதற்குள் ஜி.எஸ்.டி. 9 சதவீதம் ஆகியிருந்ததால் மொத்தம் 4,394.88. இதுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் கேட்டது போன வருஷ மெயிலைத் தேடி எடுத்து அதற்கே 'ரிப்ளை' தட்டி. அவர் பதில் அனுப்பியதும் அதிலேயே. தலைப்பு "Quotation - aircon servicing 2023" என்றே கிடந்தது, முன்னால் ஒரு "RE:" மட்டும் ஒட்டிக்கொண்டது.

எங்கள் மேலாளர் எம்.ஆர்.டி.யில் வரும்போது கைப்பேசியில் அந்தத் தொடரைத் திறந்து, ஏதோ ஒரு மெயிலின் கீழே "Approved, please proceed" என்று மூன்று சொல் அடித்து அனுப்பிவிட்டார். அவர் கை பட்டது 2023 பிப்ரவரி மெயிலில். அக்காவுக்கு வந்தது என்ன? ஒப்புதல் இருக்கிறது, கோப்பு இல்லை. ஏன் இல்லை என்றால், ரிப்ளை செய்யும்போது இணைப்புக் கோப்பு கூட வராது, ஃபார்வர்டு செய்தால்தான் வரும். அக்கா அந்த மூன்று சொல்லுக்குக் கீழே இருந்த பழைய மெயிலைப் பார்த்து, அதே தேதியில் வந்திருந்த பி.டி.எஃப்.ஐத் தேடி எடுத்து, அதிலிருந்த விலையையும் வரியையும் அப்படியே போட்டு, தடவைக்கு 864 வீதம் 3,456க்குப் பி.ஓ. அடித்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் பார்த்த மெயிலில் அதுதான் இருந்தது. சர்வீஸ்காரரும் பி.ஓ.வில் உள்ளபடி 20 யூனிட்டைச் சுத்தம் செய்துவிட்டு, அதே 800 வெள்ளிக்கு இந்த வருஷ வரி 9 சதவீதம் போட்டு 872க்கு இன்வாய்ஸ் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். புதுப் பக்கத்து நான்கையும் யாரும் தொடவே இல்லை. வரி விகிதம் மட்டும் மாறாமல் இருந்திருந்தால் இரண்டு கணக்கும் ஒத்துப்போயிருக்கும், கூட்ட அறையில் தண்ணீர் சொட்டும்வரை எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

அன்றிலிருந்துதான் இதை நான் யோசிக்க ஆரம்பித்தேன். பழைய தொடரிலேயே எழுதுவதா, அதில் தலைப்பை மட்டும் மாற்றுவதா, புதிதாகவே தொடங்குவதா, இல்லை ஒரே ஒரு பழைய மெயிலை மட்டும் எடுத்து ஃபார்வர்டு செய்வதா? நான்கையும் இந்த ஏர்கான் கதையை வைத்தே பார்க்கலாம், கதை கொஞ்சம் வெட்கக்கேடுதான் என்றாலும்.

ஒரு மெயிலை இன்னொன்றோடு கட்டுவது எது

தலைப்பு ஒன்றாக இருப்பதால்தான் மெயில்கள் ஒன்று சேர்கின்றன என்றே நானும் நினைத்திருந்தேன். பாதி உண்மை. ஒவ்வொரு மெயிலுக்கும் கண்ணில் படாத ஓர் அடையாள எண் உண்டு. நீங்கள் ரிப்ளை தட்டியதும், எந்த மெயிலுக்குப் பதில், அதற்கு முன்னால் இருந்தவை எவை என்பதையும் உங்கள் செயலி சேர்த்தே எழுதி அனுப்புகிறது. ஜிமெயிலில் "Show original" போட்டால் பார்க்கலாம், இப்படி இருக்கும்:

```
Subject: Aircon servicing 2024 - 24 units
Message-ID: <d4@example.com>
In-Reply-To: <c3@example.com>
References: <a1@example.com> <b2@example.com> <c3@example.com>
```

இதில் தலைப்பு என்னவோ 2024 என்கிறது. ஆனால் கீழே இருக்கும் இரண்டு வரியும் "நான் அந்தப் பழைய வீட்டுப் பிள்ளைதான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அப்புறம் எந்தச் செயலி எதை நம்புகிறது என்பதுதான் கேள்வி. ஜிமெயில் தலைப்பு மாறினால் தனித் தொடராகப் பிரித்துவிடும். தலைப்பு மாறாவிட்டாலும் ஒரு தொடரில் 100 மெயிலைத் தாண்டினால் தானே வெட்டிவிடும், அதுவும் எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பார்க்காமல். அவுட்லுக்கிலும் கான்வர்சேஷன் என்பது ஒரே தலைப்புள்ள தொடர்தான், மாற்றினால் பிரியும். தண்டர்பேர்டு போன்றவை அந்த `References` வரியை நம்புகின்றன, தலைப்பை என்ன மாற்றினாலும் பழைய மெயிலுக்கு அடியில்தான் கொண்டுபோய்ச் செருகும்.

அதாவது நீங்கள் உங்கள் திரையில் பிரித்துவிட்டதாக நினைப்பது எதிராளியின் திரையில் பிரியாமல் கிடக்கலாம். அலுவலகத்தில் எல்லாரும் ஒரே செயலி என்றால் பரவாயில்லை. சப்ளையர், வாடகைக்காரர், கட்டட நிர்வாகம் என்று வெளியாள் சேர்ந்தால் அவர்கள் எதில் படிக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? முன்னால் ஒட்டும் "Re:" மட்டும் கணக்கில் வராது. பல செயலிகள் அதைக் கழித்துவிட்டுத்தான் தலைப்பை ஒப்பிடும். (அது 'ரிப்ளை' என்பதன் சுருக்கம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். மெயில் வடிவத்துக்கான 2008ஆம் ஆண்டு விதி ஆவணம், ஆர்.எஃப்.சி. 5322, அதை "இந்த விஷயமாக" என்ற பொருள்படும் லத்தீன் சொல்லின் சுருக்கம் என்கிறது. விஷயம் மாறியபிறகும் அதே "Re:" தொடர்வதுதான் வேடிக்கை.)

பழையதிலேயே தொடர்வது

இதற்கு ஒரே ஒரு நல்ல காரணம்தான் உண்டு, ஆனால் அது வலுவானது: கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஏர்கான்காரரிடம் கொட்டேஷன் கேட்டாச்சு, அவர் அனுப்பியதில் கேஸ் நிரப்புவது சேர்த்தியா இல்லையா என்று தெரியவில்லை, அதைக் கேட்பது அதே தொடரில்தான். மூன்று வாரம் கழித்துக் கேட்டாலும் அதே தொடரில்தான். நாள் ஆகிவிட்டது என்பதற்காகப் புது மெயில் தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தேவையே இல்லை. முதலில் கேட்டதற்கும் கடைசியாக ஆம் என்றதற்கும் நடுவில் உள்ள எல்லாம் ஓரிடத்தில் இருந்தால்தான் பின்னால் தகராறு வந்தால் காட்ட முடியும்.

புகார் என்றால் இன்னும் கறாராக இருங்கள். கட்டட நிர்வாகத்துக்கோ, வங்கிக்கோ, ஏதோ ஒரு அலுவலகத்துக்கோ எழுதினால் பதில் மெயிலின் தலைப்பில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் வரும் இல்லையா, அந்த எண்ணை வைத்துத்தான் அவர்களுடைய பல மென்பொருள்கள் உங்கள் அடுத்த மெயிலைப் பழைய கேஸோடு சேர்க்கின்றன. அழகாக இருக்கட்டும் என்று தலைப்பை மாற்றினால் புதுக் கேஸ் ஒன்று திறந்து, புது ஆள் ஒருவர் வந்து, "உங்கள் பிரச்சினை என்ன" என்று முதலிலிருந்து கேட்பார். எனக்கு நடந்திருக்கிறது. லிஃப்ட் விஷயமாக நானே தலைப்பில் "இரண்டாவது நினைவூட்டல்" என்று கோபமாக எழுதி, எண்ணைக் கழற்றிவிட்டு, மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றேன்.

தொடர்வதில் உள்ள கெடுதல் ஏர்கான் கதையிலேயே தெரிந்ததுதான். ஒரு தொடரில் இரண்டு "ஆம்" வந்துவிட்டால் எந்த ஆம் எதற்கு என்று பிரிக்க முடியாது. 2023இல் ஒரு ஒப்புதல், 2024இல் ஒரு ஒப்புதல், இரண்டுக்கும் ஒரே தலைப்பு, ஒரே ஆள், ஏறக்குறைய ஒரே சொல். நான் இப்போது வைத்திருக்கும் அளவுகோலே இதுதான்: இந்தத் தொடரில் ஏற்கெனவே யாராவது ஆம் அல்லது இல்லை என்று சொல்லி முடித்துவிட்டார்களா? முடித்துவிட்டால் அதில் நான் இன்னொன்று கேட்பதில்லை. ஆட்கள் அதே ஆட்கள்தான், பொருளும் அதே பொருள்தான் என்றாலும்.

இன்னொன்று, மெயில் பெட்டியில் கூச்சல் தாங்காமல் சிலர் ஒரு தொடரையே அடக்கிவைத்திருப்பார்கள். ஜிமெயிலில் "Mute", அவுட்லுக்கில் "Ignore". அவுட்லுக்கில் "Ignore" போட்ட தொடருக்கு இனி வரும் மெயில்கூட நேராக அழித்தவற்றுக்குள் போய்விடும். போன வருஷ ஏர்கான் பேச்சு முடிந்ததும் ஒருவர் அப்படிச் செய்திருந்தால், இந்த வருஷ மெயில் அவர் கண்ணிலேயே படாது. நீங்கள் பதில் வரவில்லையே என்று காத்திருப்பீர்கள்.

ரிப்ளை போட்டுத் தலைப்பை மட்டும் மாற்றுவது

இதுதான் எல்லாருக்கும் பிடித்த நடுவழி, எனக்கும் கொஞ்ச நாள் பிடித்திருந்தது. பெறுநர் எல்லாரும் தானாக வந்துவிடுகிறார்கள், பழைய பேச்சு கீழே இருக்கிறது, தலைப்பு புதிது. ஜிமெயிலில் ரிப்ளை அம்புக்குறி பக்கத்தில் உள்ள சிறு முக்கோணத்தைத் தட்டி "Edit subject" எடுக்க வேண்டும், அவுட்லுக்கில் தலைப்பு வரியிலேயே அடிக்கலாம். சிலர் புதுத் தலைப்புக்குப் பின்னால் "(was: ...)" என்று பழைய தலைப்பையும் போடுவார்கள். பழங்காலத்துப் பழக்கம், ஆனால் பயனுள்ளது, வாசிப்பவருக்கு எங்கிருந்து கிளைத்தது என்று தெரியும்.

ஒரு தொடரில் பேச்சு பாதியிலேயே வேறு பக்கம் திரும்பி, அதே ஆட்கள் அதைப் பேசியாக வேண்டும், கீழே உள்ளதும் அவர்கள் பார்த்ததுதான் என்றால் இது போதும். ஏர்கான் ஒப்பந்தம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, "அது சரி, பேன்ட்ரி மின்விசிறியும் சத்தம் போடுகிறதே" என்று ஒருவர் கிளப்பினால் அங்கேயே ரிப்ளை போட்டு, தலைப்பை "பேன்ட்ரி மின்விசிறி" என்று மாற்றிவிடுவேன்.

ஆனால் பணம், ஒப்புதல், வெளியாள் என்று மூன்றில் ஒன்று இருந்தாலும் இதை நான் நம்புவதில்லை. எதிராளியின் திரையில் பிரியாமல் போகலாம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு, கீழே தொங்கும் வால். நீங்கள் தலைப்பைத்தான் மாற்றினீர்கள், ஒன்றரை வருஷப் பேச்சு அடியில் அப்படியே இருக்கிறது. 3,456 என்ற பழைய எண் அங்கேயேதான் இருக்கிறது. தேடலில் அந்த எண்ணை அடித்தால் புது மெயிலும் சேர்ந்தே வந்து நிற்கும்.

எண் குழப்பமாவது காசோடு போகும். ஒருமுறை எங்கள் அலுவலகத்தில் ஒருவர், முதல் சர்வீஸ்காரர் விலையை ஏற்றுகிறார் என்று இரண்டாவது ஒருவரிடம் கேட்க முடிவு செய்து, அதே தொடரில் தலைப்பை மாற்றி, பெறுநரில் புதியவரின் முகவரியைச் சேர்த்து அனுப்பிவிட்டார். முதலாமவரின் விலைப்பட்டியல் முழுவதும் கீழே. புதியவர் ஒரு யூனிட்டுக்கு ஒரு வெள்ளி மட்டும் குறைத்துக் கொட்டேஷன் அனுப்பினார், அவரைக் குறை சொல்ல முடியுமா? அந்த வாலில் வாடகைக்காரர்களின் கைப்பேசி எண்ணோ அடையாள அட்டை எண்ணோ இருந்திருந்தால் அது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும், பி.டி.பி.ஏ. என்றால் இங்கே எல்லா அலுவலகத்துக்கும் தெரியும். புது ஆளைச் சேர்க்கும்போது கீழே முழுக்க உருட்டிப் பாருங்கள் என்று சொல்வது சுலபம், செய்பவர் யார்? கைப்பேசியில் அந்த வால் மூன்று புள்ளிக்குள் மடங்கிக் கிடக்கிறது, கண்ணுக்கே தெரிவதில்லை.

புது மெயிலாகவே தொடங்குவது

வெறும் பக்கத்தில் தொடங்கும் மெயிலில் `In-Reply-To` வரியே இருக்காது, அதனால் தலைப்பும் புதிதாக இருந்தால் எந்தச் செயலியில் திறந்தாலும் அது தனியாகத்தான் நிற்கும். வால் கிடையாது. பெறுநரை ஒவ்வொருவராக நீங்களே சேர்க்க வேண்டும். இதை ஒரு தொல்லை என்பார்கள், நான் இதைத்தான் இதன் பெரிய லாபம் என்பேன். ஏர்கான் தொடரில் ஆறு பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் வேலையை விட்டே எட்டு மாதம் ஆகியிருந்தது.

இழப்பு என்னவென்றால் பின்னணி போய்விடும். அதை நீங்கள்தான் எழுத வேண்டும், மூன்று நான்கு வரி போதும். அந்த எட்டு வெள்ளிச் சம்பவத்துக்கு அப்புறம் நான் மறுபடியும் அனுப்பிய மெயில் ஏறக்குறைய இப்படி:

"ஏர்கான் சர்வீஸ் 2024, 24 யூனிட், ஒப்புதல் தேவை" என்று தலைப்பு. உள்ளே முதல் வரி: "இணைப்பில் உள்ள கொட்டேஷனுக்கு ஒப்புதல் வேண்டும், மொத்தம் 4,394.88 வெள்ளி, ஜி.எஸ்.டி. உட்பட." அடுத்தது: "போன வருஷம் 20 யூனிட், இப்போது 24, புதுப் பக்கத்தில் நான்கு கூடியிருக்கிறது, விலை 40இலிருந்து 42." அப்புறம்: "ஜனவரியில் 2023 தொடரில் கொடுத்த ஒப்புதல் பழைய மெயிலின் மேல் விழுந்துவிட்டது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பழைய விவரம் வேண்டுமென்றால் 2023 பிப்ரவரி மெயிலைப் பாருங்கள்." அவ்வளவுதான். மேலாளர் அதே மூன்று சொல்லில் பதில் போட்டார், ஆனால் இந்தத் தடவை அந்த மூன்று சொல்லுக்கு அர்த்தம் இருந்தது, ஏனென்றால் அதற்குக் கீழே ஒரே ஒரு மொத்தத் தொகைதான் இருந்தது.

தலைப்பில் தொகையை எழுதாமல் எண்ணிக்கையை எழுதியதற்குக் காரணம் உண்டு. பேரம் பேசித் தொகை மாறலாம், மாறினால் தலைப்பு பொய்யாகிவிடும். யூனிட் எண்ணிக்கையும் வருஷமும் மாறாது. கைப்பேசியில் தலைப்பின் முதல் நான்கைந்து சொல்தான் தெரியும், ஆகவே வருஷம் முன்னால் வர வேண்டும், "தயவுசெய்து கவனிக்கவும்" மாதிரியான சொல் எல்லாம் முன்னால் வந்து இடத்தை அடைக்கக் கூடாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது ஒன்று உண்டு, பழைய தொடரை மூடுவது. மூடாவிட்டால் ஆறு பேரில் இரண்டு பேர் பழையதிலும் நான்கு பேர் புதிதிலும் பேசிக்கொண்டிருப்பார்கள், நிலைமை முன்னைவிட மோசம். பழையதில் ஒரே வரி, "2024க்குத் தனி மெயில் அனுப்புகிறேன், இதில் பதில் வேண்டாம்", அது போதும். அதை *முதலில்* அனுப்புங்கள். புது மெயிலை அனுப்பிவிட்டு அப்புறம் பழையதை மூடினால், மூடிய மெயில்தான் எல்லார் பெட்டியிலும் மேலே போய் உட்காரும், அவசரத்தில் இருப்பவர் அதற்கே பதில் போட்டுவிடுவார். இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஃபார்வர்டு

பழைய தொடரில் ஒரே ஒரு மெயில் மட்டும் புதியவர் ஒருவருக்குத் தேவை என்றால் இது. இணைப்புக் கோப்பு கூட வரும், பெறுநர் இடம் காலியாகத் திறக்கும். உங்கள் பெட்டியில் அது பழைய தொடருக்குள்ளேயே கிடக்கலாம், ஆனால் வாங்குபவருக்கு அது முதல் மெயில். ஆகவே அவருக்கும் உங்களுக்கும் மட்டும் பேச்சு என்றால் சரி, பழைய ஆட்களும் சேர்ந்து பேச வேண்டியது என்றால் வேண்டாம். "Forward as attachment" போட்டால் வால் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த ஒரு மெயிலுக்குள்ளேயே அதன் வால் இருக்கிறது, கோப்பாக இணைத்தாலும் அது உள்ளே இருக்கத்தான் செய்யும். எனக்கு வேண்டியது பி.டி.எஃப். மட்டும் என்றால் அதை இறக்கி, புது மெயிலில் இணைப்பதுதான் சுத்தம்.

ஒரு பொங்கல் விழா, மூன்று தலைப்பு

அலுவலகத்தை விடுங்கள். எங்கள் வட்டாரத்தில் சிலர் சேர்ந்து சமூக மன்றத்தில் பொங்கல் நடத்துகிறோம், மெயில் எல்லாம் தமிழில்தான். முதல் வருஷம் "பொங்கல் விழா" என்று ஒரே தலைப்பில் எழுபதுக்கு மேல் மெயில். அரங்கம், சாப்பாடு, ஒலிபெருக்கி, கோலப்போட்டிக்குப் பரிசு, எல்லாம் ஒன்றாகப் பிசைந்த சோறு மாதிரி. நடுவில் ஒருவர் "180 போதும்" என்று எழுதினார். நாற்காலி 180ஆ, சாப்பாடு 180ஆ? சாப்பாட்டுப் பொறுப்பில் இருந்த அண்ணன் அதைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டார், 150 பேருக்குச் சொல்லியிருந்ததை 180 ஆக்கினார். நாற்காலியைத்தான் சொன்னேன் என்று மற்றவர் விழா அன்று சொன்னார். சாம்பார் சாதம் அன்று ஆளுக்கு ஒரு டப்பா வீட்டுக்குப் போனது.

அடுத்த வருஷம் பிரித்தோம். எதை வைத்துப் பிரிப்பது என்று அதிலும் பேச்சு. ஒருவர் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தலைப்பு என்றார், அப்படிப் போட்டால் வாழையிலைக்கு ஒரு தொடர், கரும்புக்கு ஒரு தொடர் என்று இருபது வந்துவிடும். கடைசியில், யார் முடிவு சொல்கிறார் என்பதை வைத்துப் பிரித்தோம். அரங்கம், நாற்காலி, ஒலிபெருக்கி மூன்றையும் மன்றத்தோடு பேசுபவர் ஒரே அக்கா, ஆகவே ஒரே தொடர். சாப்பாடு அண்ணனுடையது. பணம் பொருளாளருடையது. மூன்றே தலைப்பு, "180 போதும்" என்று எங்கே எழுதினாலும் எதற்கு என்று கேட்க வேண்டியதே இல்லை.

தமிழில் தலைப்பு எழுதுபவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு, ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இது இவ்வளவு வராது. ஜிமெயில் தேடல் முழுச் சொல்லைத்தான் பொருத்தும், சொல்லின் ஒரு துண்டை அல்ல. நீங்கள் "அரங்கத்தில் நாற்காலிகளுக்கான ஏற்பாடு" என்று தலைப்பு வைத்துவிட்டு, ஒரு வருஷம் கழித்து "அரங்கம்" என்று தேடினால் அது வராமல் போகலாம், "நாற்காலி" என்று தேடினாலும் அப்படியே. வேற்றுமை உருபு ஏறியதும் சொல்லே வேறாகிவிடுகிறது. ஆகவே தலைப்பில் வாக்கியம் எழுதாமல் உருபு ஏறாத சொல்லாகவே வைக்கிறோம்: "பொங்கல் 2025 - அரங்கம், நாற்காலி, ஒலி". படிக்கக் கடைப் பட்டியல் மாதிரிதான் இருக்கிறது, தேடினால் கிடைக்கிறது. "பொங்கல்" என்பதோடு வருஷத்தையும் சேர்ப்பது கட்டாயம், இல்லாவிட்டால் யாராவது அடுத்த தையில் இதே மெயிலைத் தேடி எடுத்து ரிப்ளை தட்டுவார், பழைய கதை மறுபடியும்.

ஏர்கானுக்குத் திரும்பினால், 2025 ஜனவரியில் நான் ஒழுங்காகப் புது மெயிலில், புதுத் தலைப்பில், யூனிட் எண்ணிக்கையோடு கொட்டேஷன் கேட்டேன். சர்வீஸ்காரர் இரண்டு நாள் கழித்துப் பதில் அனுப்பினார், 2023 மெயிலுக்கு ரிப்ளை போட்டு. அவர் பெட்டியில் எங்கள் பெயரைத் தேடினால் அதுதான் முதலில் வருகிறதாம். நான் பி.டி.எஃப்.ஐ மட்டும் இறக்கி, என் புது மெயிலில் இணைத்து, மேலாளருக்கும் அக்காவுக்கும் அனுப்பினேன். அக்கா அன்று சாயந்திரம் மேசைக்கு வந்து, "தம்பி, 24தானே?" என்றார். ஆமாம் என்றேன். பி.ஓ. அடிக்கப் போனார்.